பட்டியல் விலைக்கு 18% போட்டும் பில் தொகை வரவில்லை. மீதி 7.22 எங்கிருந்து வந்தது?

ரசீதுக்காரி · மார்ச் 4, காலை 10.20

ஆபீசுக்கு எழுதுபொருள் வாங்கினோம். பட்டியலில் இருப்பது வரி சேர்க்காத விலை என்று தெளிவாகவே போட்டிருக்கிறார்கள். எல்லாவற்றுக்கும் 18% வரி, 10% தள்ளுபடி, டெலிவரி 40.

கோப்பு அட்டை 37.50 × 3 = 112.50
ஒட்டுத்தாள் 28.20 × 3 = 84.60
மை பாட்டில் 78.90 × 3 = 236.70
ஸ்டேப்ளர் 47.50 × 1 = 47.50

கூட்டினால் 481.30. வரி சேர்த்தால் 567.93. அதில் 10% கழித்தால் 511.14. டெலிவரி 40 சேர்த்து 551.14. பில்லில் இருப்பது 558.36. அதாவது 7.22 கூடுதல்.

விற்றவரைக் கேட்டால் "சிஸ்டம் போடுது மேடம், நாங்க கை வைக்க முடியாது" என்கிறார். தள்ளுபடியை வரிக்கு முன்னாலேயே கழித்துவிட்டு ஏதோ விளையாடியிருக்கிறார்கள் என்று நினைக்கிறேன். பில்லில் முதலில் தள்ளுபடி, அப்புறம்தான் வரி. தொகை சின்னதுதான், ஆனால் மாதாமாதம் இவர்களிடம்தான் வாங்குகிறோம்.

சும்மா எட்டிப்பார்த்தேன் · மார்ச் 4, காலை 10.41

7.22-க்கு இவ்வளவு கணக்கா? எங்கள் ஆபீசில் பில்லைப் பிரித்துப் பார்ப்பதே அதை ஃபைலில் குத்தும்போதுதான்.

பழைய லெட்ஜர் · மார்ச் 4, காலை 11.35

தள்ளுபடி மேல் சந்தேகம் வேண்டாம் அம்மா. சதவீதத் தள்ளுபடியை முன்னால் கழித்தாலும் பின்னால் கழித்தாலும் விடை ஒன்றுதான். 481.30-ஐ 1.18-ஆல் பெருக்கி அப்புறம் 0.90-ஆல் பெருக்குகிறீர்கள். அவர்கள் முதலில் 0.90, அப்புறம் 1.18. பெருக்கலில் எது முதலில் வந்தால் என்ன?

டெலிவரியைப் பாருங்கள். நீங்கள் 40-ஐ வரி போட்டு முடித்த தொகையோடு சேர்த்திருக்கிறீர்கள். அவர்கள் வரி போடும் தொகைக்குள்ளேயே சேர்த்திருப்பார்கள். 40-க்கு 18% என்றால் 7.20. உங்கள் 7.22-இல் 7.20 அங்கே போய்விட்டது.

மீதி 0.02. அதற்குப் பில்லில் வரிக்கான பத்தியைப் பார்க்க வேண்டும். ஒவ்வொரு ஐட்டத்துக்கும் எதிரே தனித்தனியாக வரி போட்டிருக்கிறதா, அல்லது கடைசியில் ஒரே இடத்தில் மொத்தமாகவா? அப்படியே எடுத்து இங்கே போடுங்கள்.

நிரல்நேசன் · மார்ச் 4, மதியம் 12.10

லெட்ஜர் சார், தள்ளுபடி எங்கே கழிகிறது என்பது கட்டாயம் முக்கியம். நான் கூப்பன் போட்டு வாங்கியபோது இரண்டு தளங்களில் இரண்டு தொகை வந்தது. பொருள் ஒன்று, விலை ஒன்று, கூப்பனும் ஒரே மதிப்பு.

பழைய லெட்ஜர் · மார்ச் 4, மதியம் 12.50

உங்கள் கூப்பன் "இத்தனை சதவீதம்" என்று இருந்ததா, "50 தள்ளுபடி" என்று இருந்ததா? 50 என்றால் நீங்கள் சொல்வது சரி. வரிக்கு முன் கழித்தால் 50-ம் போகிறது, அந்த 50-க்குரிய 9-ம் போகிறது, மொத்தம் 59 மிச்சம். வரி போட்ட பிறகு கழித்தால் 50 மட்டும்தான் மிச்சம்.

இரண்டுமே முறையாக நடப்பதுதான். விற்பவர் தன் விலையைக் குறைத்தால் வரி போடும் தொகையும் குறையும். பரிசு அட்டை மாதிரி ஏற்கெனவே பணம் கட்டி வைத்திருந்தால் அது தள்ளுபடி ஆகாது, பணம் செலுத்தும் ஒரு வழி. விலையும் வரியும் அப்படியே இருக்கும், கட்ட வேண்டிய தொகை மட்டும் குறையும். திரையில் இரண்டுக்கும் "கூப்பன்" என்றே பெயர் வைத்துவிடுகிறார்கள், அங்கேதான் ஆள் குழம்புகிறான்.

ரசீதுக்காரி · மார்ச் 4, மாலை 4.05

சரி, 7.20 ஒத்துக்கொள்கிறேன். ஆனால் எனக்கு ஆறவில்லை. டெலிவரி என்ன, அவர்கள் செய்த பொருளா? வண்டிக்காரருக்குக் கொடுக்கிற பணம்தானே? அதற்கு ஏன் வரி?

இதோ நீங்கள் கேட்ட பத்தி. தள்ளுபடி கழித்த தொகை, அதற்கு எதிரே வரி:

கோப்பு அட்டை 101.25 … 18.23
ஒட்டுத்தாள் 76.14 … 13.71
மை பாட்டில் 213.03 … 38.35
ஸ்டேப்ளர் 42.75 … 7.70
டெலிவரி 40.00 … 7.20

கூட்டினால் 473.17, வரி 85.19, மொத்தம் 558.36. ஆனால் நான் 473.17-க்கு 18% போட்டால் 85.17 வருகிறது. அப்போது மொத்தம் 558.34 தானே ஆக வேண்டும்?

பழைய லெட்ஜர் · மார்ச் 4, மாலை 5.30

முதலில் டெலிவரி. பொருளை உங்கள் கையில் சேர்ப்பதற்கும் சேர்த்துத்தான் விற்றவர் உங்களிடம் பணம் கேட்கிறார். அவர் வண்டிக்காரருக்கு எவ்வளவு கொடுத்தார் என்பது உங்கள் பில்லுக்குள் வராது. பல வரி முறைகளில் விற்பவர் பொருளோடு சேர்த்து வாங்கும் டெலிவரி, பேக்கிங் எல்லாம் விற்பனை மதிப்பிலேயே சேரும். உங்கள் பில்லில் எல்லாமே ஒரே விகிதம் என்பதால் பிரச்சினை இல்லை. பாதிப் பொருள் 5%, பாதி 18% என்று இருந்தால் டெலிவரிக்கு எந்த விகிதம் என்ற கேள்வி வரும். சில இடங்களில் விலைப்படி பங்கு போடச் சொல்வார்கள், சில இடங்களில் முக்கியமான பொருளின் விகிதத்தையே டெலிவரிக்கும் போடச் சொல்வார்கள்.

0.02-க்கு விடை நீங்கள் போட்ட பத்தியிலேயே இருக்கிறது. 101.25-க்கு 18% சரியாக 18.225. பில்லில் அரைக்காசு எழுத முடியாது, 18.23 ஆக்கிவிட்டார்கள். 76.14-க்கு 13.7052, அது 13.71. 213.03-க்கு 38.3454, அது 38.35. 42.75-க்கு 7.695, அது 7.70. நான்கிலும் கிட்டத்தட்ட அரைக்காசு மேலே ஏறியிருக்கிறது. நான்கு அரைக்காசு சேர்ந்தால் இரண்டு காசு.

நீங்கள் ரவுண்டு செய்தது ஒரே ஒரு முறை, கடைசியில். 85.1706 என்பது 85.17 ஆயிற்று. அவர்கள் ஒவ்வொரு ஐட்டத்திலும் ரவுண்டு செய்து அப்புறம் கூட்டியிருக்கிறார்கள். யாரும் திருடவில்லை.

இன்னொன்று, இது பெரும்பாலும் இவ்வளவு தூரம் போகாது. சிலது ஏறும், சிலது இறங்கும், ஒன்றையொன்று அடித்துவிடும். உங்கள் பில்லில் நான்கும் ஒரே பக்கம் சாய்ந்தது தற்செயல்.

ரசீதுக்காரி · மார்ச் 4, மாலை 6.15

அப்படியானால் என் ஷீட் ஏன் இரண்டையும் ஒரே நேரத்தில் காட்டுகிறது? டெலிவரியை விட்டு நான்கு ஐட்டம் மட்டும் போட்டேன். கட்டங்களில் 18.23, 13.71, 38.35, 7.70 என்று பில்லில் இருக்கிற மாதிரியே இருக்கிறது. கீழே SUM போட்டால் 77.97. அதே நான்கு எண்ணைக் கால்குலேட்டரில் தட்டினால் 77.99. கண் முன்னாலேயே கூட்டல் தப்புகிறது.

பில்லிங்பித்தன் · மார்ச் 4, இரவு 9.40

கட்டத்தில் தெரிவது வேறு, உள்ளே இருப்பது வேறு. "இரண்டு தசமம் காட்டு" என்று ஃபார்மேட் செய்தால் அது காட்டுவதை மட்டும்தான் மாற்றும். உள்ளே 13.7052 அப்படியே இருக்கும், SUM அதைத்தான் கூட்டும். ROUND போட்டுப் பாருங்கள்:

```
=ROUND(C2*18%, 2)
```

எல்லாக் கட்டத்திலும் இதைப் போட்டுக் கூட்டினால் 77.99 வரும், பில்லோடு ஒத்துப்போகும். நான் பில்லிங் மென்பொருள் பராமரிக்கிறவன். "உங்கள் மென்பொருளுக்குக் கூட்டல் தெரியவில்லை" என்று வரும் புகார்களில் நிறைய இந்த வகைதான். வாடிக்கையாளர் ஷீட்டைப் பிரிண்ட் எடுத்துக் கையால் கூட்டிப் பார்த்துவிட்டுக் கோபமாக வருவார்.

சில்லறை · மார்ச் 5, காலை 8.15

எனக்கும் இதே பிரச்சினைதான். நான் ஆன்லைனில் விற்கிறேன். பொருள் விலை 100, வரி 18%. ஆனால் என் பில்லில் வரி 15.25 என்று வருகிறது. 18 வர வேண்டாமா? நாளைக்கு வரி ஆபீசில் கேட்டால் மீதி 2.75-க்கு நான் எங்கே போவேன்?

பழைய லெட்ஜர் · மார்ச் 5, காலை 9.30

அது இதே பிரச்சினை இல்லை தம்பி, வேறு. அந்த 100 வரி சேர்ந்த விலையா?

சில்லறை · மார்ச் 5, காலை 9.34

ஆமாம், வாங்குகிறவர் 100 கொடுத்தால் போதும். அதில் 18% எடுத்து வைக்க வேண்டும் என்று நினைத்தேன்.

பழைய லெட்ஜர் · மார்ச் 5, காலை 10.20

18% போடுவது வரிக்கு முந்தைய விலை மேல். முந்தைய விலை 100 ஆக இருந்து மேலே 18 போட்டால் 118. உங்களுக்கு 118-க்குப் பதிலாக 100 வருகிறது, அதனால் வரியின் பங்கு 100 × 18 ÷ 118. அது 15.25. அடிப்படை விலை 84.75. உங்கள் பில் சரியாகத்தான் போடுகிறது. 2.75-க்கு நீங்கள் எங்கும் போக வேண்டாம், அது உங்கள் பணம்.

நிரல்நேசன் · மார்ச் 5, காலை 11.00

முதல் கேள்விக்கே திரும்புகிறேன். ஐட்டம்வாரியாக ரவுண்டு செய்ததால்தான் 0.02 வந்தது என்பதை நான் நம்பவில்லை. ஐட்டம்வாரியாகவே ஓட்டிப் பார்த்தேன்:

```
nets = [101.25, 76.14, 213.03, 42.75]
taxes = [round(n * 0.18, 2) for n in nets]
print(taxes)
print(round(sum(taxes), 2))
```

விடை [18.22, 13.71, 38.35, 7.69], கூட்டினால் 77.97. மொத்தத்துக்கு ஒரேயடியாக 18% போட்டாலும் 77.97-தான். ஆக, எந்த வழியில் போனாலும் ஒரே இடம். அவர்கள்தான் எங்கோ 0.02 ஏற்றியிருக்கிறார்கள்.

ரசீதுக்காரி · மார்ச் 5, காலை 11.12

பார்த்தீர்களா! எனக்கு அப்போதே தோன்றியது.

பில்லிங்பித்தன் · மார்ச் 5, மதியம் 1.25

கொஞ்சம் பொறுங்கள் மேடம். உங்கள் விடை சரியான விடையோடு ஒத்துப்போனது அதிர்ஷ்டம், நிரல்நேசன். ஒரு ஐட்டத்தை மட்டும் எடுத்துப் பாருங்கள்:

```
>>> 101.25 * 0.18
18.224999999999998
```

காகிதத்தில் இது நேராக 18.225. கணினி 0.18-ஐ இரும எண்ணில் வைத்திருக்கிறது, 0.18 அதில் முழுதாக அடங்காது, மயிரிழை குறைவாக நிற்கும். அதனால் பெருக்கல் விடையும் அரைக்காசுக் கோட்டுக்குக் கொஞ்சம் கீழே விழுந்து 18.22 ஆகிவிட்டது. 42.75-க்கும் இதே கதி, 7.695 வர வேண்டியது கீழே சரிந்து 7.69 ஆயிற்று. இரண்டு இடத்திலும் ஒரு காசு போனது, அந்த இரண்டு காசு தற்செயலாக நீங்கள் தேடிய இரண்டு காசாக இருந்துவிட்டது. நான்கு எண்ணையும் மாற்றிப் போட்டுப் பாருங்கள், இந்த ஒற்றுமை போய்விடும்.

பணத்துக்கு இப்படி எழுதுங்கள்:

```
from decimal import Decimal, ROUND_HALF_UP
t = Decimal("101.25") * Decimal("0.18")
print(t.quantize(Decimal("0.01"), ROUND_HALF_UP))
```

இது 18.23 தரும். எண்ணை மேற்கோள் குறிக்குள் போடுவது முக்கியம். `Decimal(0.18)` என்று போட்டால் அந்த மயிரிழைக் குறையோடுதான் உள்ளே போகும்.

நிரல்நேசன் · மார்ச் 5, மதியம் 2.02

Decimal போட்டேன், ஆனால் ROUND_HALF_UP கொடுக்காமல் விட்டேன். 18.22, 7.70 வருகிறது. கூட்டல் 77.98! இப்போது மூன்று விடை இருக்கிறது.

சும்மா எட்டிப்பார்த்தேன் · மார்ச் 5, மதியம் 2.05

ஏலத்தில் இருக்கிறது. 77.97, 77.98, 77.99. வேறு யாராவது?

பில்லிங்பித்தன் · மார்ச் 5, மதியம் 2.40

அங்கே இருமக் கோளாறு எதுவும் இல்லை. சரியாக அரைக்காசில் நின்றால் பக்கத்திலிருக்கும் இரட்டை எண்ணுக்குப் போவது அதன் இயல்பு அமைப்பு. 18.225-க்குப் பக்கத்தில் 18.22 இரட்டை, கீழே போனது. 7.695-க்கு 7.70 இரட்டை, மேலே போனது. எப்போதும் மேலேயே ஏற்றினால் நீண்ட கூட்டலில் ஒரு பக்கம் சாயும் என்பதற்காக வைத்த முறை. இதை வங்கியாளர் ரவுண்டிங் என்பார்கள். ஆனால் பில்லில் நான் பார்த்தவரை அரை என்றால் மேலே ஏற்றுவதைத்தான் எதிர்பார்க்கிறார்கள். எதைப் போடலாம் என்பதை அந்தந்த ஊர் வரி விதி சொல்லும், நிரல் மொழியின் இயல்பு அமைப்பைப் பார்த்து முடிவு செய்யக் கூடாது.

மேடத்தின் விற்பனையாளர் மென்பொருள் ஐட்டம்வாரியாக, அரையை மேலே ஏற்றி 77.99 போட்டிருக்கிறது. டெலிவரியின் 7.20 சேர்த்தால் 85.19. பில்லோடு காசு பிசகாமல் பொருந்துகிறது.

ரசீதுக்காரி · மார்ச் 5, மாலை 4.30

புரிந்தது. ஆனால் புரிந்ததால் சரியாகிவிடுமா? எது முறை? மொத்தத்துக்கு ஒரு தடவை போடுவதுதான் உண்மையான 18%-க்குக் கிட்டத்தில் இருக்கிறது. அப்புறம் ஏன் ஐட்டம்வாரியாகப் போடுகிறார்கள்?

பழைய லெட்ஜர் · மார்ச் 5, இரவு 8.10

துல்லியம் என்று பார்த்தால் நீங்கள் சொல்வதுதான் சரி. மின் இன்வாய்ஸுக்கு ஐரோப்பாவில் EN 16931 என்ற தரம் இருக்கிறது. அதில் ஒரே விகிதமுள்ள தொகைகளை எல்லாம் கூட்டி, அந்தக் கூட்டுத்தொகைக்கு வரி போட்டு, அங்கே ஒரு தடவை இரண்டு தசமத்துக்கு ரவுண்டு செய்ய வேண்டும். உங்கள் பில் அந்த வழியில் போனால் 85.17.

ஆனால் எல்லா இடத்திலும் அப்படி ஒரே விதி கிடையாது. அகோல்ட் என்ற நெதர்லாந்துச் சில்லறை வணிகக் குழுமம், வரியை ஒவ்வொரு பொருளிலும் கீழ்ப்பக்கமாகவே ரவுண்டு செய்ய அனுமதிக்க வேண்டும் என்று வழக்காடியது. 2008-இல் ஐரோப்பிய நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. இதற்குப் பொதுச் சட்டத்தில் தனி விதி இல்லை, ரவுண்டு செய்யும் முறையை அந்தந்த நாடுதான் வகுக்க வேண்டும், ஒவ்வொரு பொருளிலும் கீழே இறக்க நாடு இடம் கொடுத்தே ஆக வேண்டும் என்பதில்லை என்றது. ஒரு பெரிய கடைக்கு அரைக்காசு எத்தனை பொருளில் வரும் என்று யோசியுங்கள், ஏன் கோர்ட் வரை போனார்கள் என்று தெரியும்.

பில்லிங்பித்தன் · மார்ச் 5, இரவு 9.05

ஐட்டம்வாரியாகப் போடுவதற்கு ஒரு நடைமுறைக் காரணம், பொருள் திரும்பி வருவது. மேடம் ஸ்டேப்ளரை மட்டும் திருப்பி அனுப்பினால் பில்லில் 42.75, வரி 7.70 என்று எழுதியே இருக்கிறது. 50.45-ஐ அப்படியே திருப்பிக் கொடுத்துவிடலாம். மொத்தத்துக்கு வரி போட்ட பில்லில் ஸ்டேப்ளரின் வரி எவ்வளவு? 7.695. அதை 7.70 ஆக்கிக் கொடுத்தால், நான்கு பொருளும் தனித்தனியாகத் திரும்பி வரும்போது 77.97 வரி வாங்கிய கடை 77.99 திருப்பிக் கொடுத்திருக்கும். கடைசியாக வரும் பொருளில் மீதியை அடித்துச் சரிசெய்வது ஒரு வழி. அப்படிச் செய்தால் "எனக்கு மட்டும் ஏன் ஒரு காசு குறைகிறது" என்று வருவார்கள். இதற்கு எல்லாருக்கும் பிடித்த தீர்வை நான் இன்னும் பார்க்கவில்லை.

பழைய லெட்ஜர் · மார்ச் 5, இரவு 9.30

கடைசியில் வருவதில் மீதியை அடிப்பதுதான் முறை. கணக்குப் புத்தகம் பூஜ்யத்தில் முடிய வேண்டும், வாடிக்கையாளர் முகம் சுளிப்பது அப்புறம்.

பில்லிங்பித்தன் · மார்ச் 5, இரவு 9.34

அந்த போனை எடுக்கிறவன் நான், சார்.

சில்லறை · மார்ச் 6, காலை 7.50

லெட்ஜர் சார் சொன்னதை வைத்து விலையை 84.75 என்று மென்பொருளில் ஏற்றிவிட்டேன். இப்போது அதே பொருளை ஒருவர் 3 வாங்கினார். பில் 300.02! அவர் 300 அனுப்பிவிட்டு "மீதி 0.02 அடுத்த ஜென்மத்தில்" என்று செய்தி போட்டிருக்கிறார். ஒன்று மட்டும் வாங்கினாலும் 100.01 வருகிறது. இது என்ன கூத்து?

பில்லிங்பித்தன் · மார்ச் 6, காலை 9.15

இது நல்ல உதாரணம், நின்று பார்க்கலாம். 84.75-க்கு 18% போட்டால் சரியாக 15.255. மறுபடி அதே அரைக்காசு, மேலே ஏறி 15.26. கூட்டினால் 100.01. சரி, ஒரு காசு குறைத்து 84.74 வைப்போம். வரி 15.2532, அது 15.25. கூட்டினால் 99.99. ஆக இரண்டு தசமத்தில் எந்த அடிப்படை விலை வைத்தாலும், 18% மேலே ஏற்றி, அரையை மேலே தூக்கினால் 100.00 வராது. அந்த எண்ணைத் தாண்டிக் குதித்துவிடுகிறது.

3 வாங்கும்போது இன்னும் மோசம். உண்மையான அடிப்படை 84.7457… அதை 84.75 ஆக்கியபோது ஏறிய கொஞ்சமும் மூன்றால் பெருகுகிறது. 254.25-க்கு வரி 45.765, அது 45.77, மொத்தம் 300.02. 7 வாங்கினால் 593.25-ம் 106.79-ம் சேர்ந்து 700.04 ஆகும்.

அதனால் வரி சேர்ந்த விலையில் விற்பவர் கீழிருந்து மேலே ஏறக் கூடாது. மொத்தத்திலிருந்து உள்ளே போக வேண்டும். 300-ஐ 1.18-ஆல் வகுத்தால் 254.24. வரியைத் தனியாகக் கணக்கிடாமல் 300-இலிருந்து அதைக் கழித்துவிடுங்கள், 45.76. இரண்டையும் கூட்டினால் 300 வந்தே தீரும். மென்பொருளில் "விலையில் வரி அடக்கம்" என்று ஒரு அமைப்பு இருக்கும், 100 என்று ஏற்றிவிட்டு அதை டிக் செய்யுங்கள். அது இல்லாத மென்பொருளில் அடிப்படை விலையை நான்கு தசமத்தில், 84.7458 என்று வைக்க முடிகிறதா பாருங்கள். 3-ஆல் பெருக்கினால் 254.2374, ரவுண்டு செய்தால் அதே 254.24.

சில்லறை · மார்ச் 6, காலை 9.52

டிக் இருந்தது. ஏன் இருக்கிறது என்று இத்தனை நாள் தெரியாமல் அதைத் தொடாமலே வைத்திருந்தேன். 300.00 வந்துவிட்டது. அந்த 0.02-ஐ அடுத்த ஜென்மத்தில் வாங்கிக்கொள்கிறேன்.

ரசீதுக்காரி · மார்ச் 6, காலை 11.40

எனக்கு ஒரு அளவுகோல் வேண்டும். மாதா மாதம் பில் வருகிறது. ஒவ்வொன்றையும் இப்படிக் குடைய முடியாது. எவ்வளவு வித்தியாசம் வரை ரவுண்டிங் என்று விட்டுவிடலாம், எப்போது போன் போட வேண்டும்?

பழைய லெட்ஜர் · மார்ச் 6, மதியம் 12.30

ஒரு ஐட்டத்தில் ரவுண்டிங்கால் அதிகபட்சம் அரைக்காசு மாறலாம், 0.005. பில்லில் எத்தனை ஐட்டமோ அத்தனையால் பெருக்குங்கள். உங்கள் மொத்தத்தை நீங்கள் ரவுண்டு செய்ததற்கு இன்னொரு 0.005 சேருங்கள். உங்கள் பில்லில் டெலிவரியோடு ஐந்து, ஆக 0.03. உங்களுக்கு வந்தது 0.02, எல்லைக்குள் இருக்கிறது. எல்லைக்கு மேலே போனால் அது ரவுண்டிங் இல்லை, வேறு எதையோ தேடுங்கள்.

தள்ளுபடியையும் ஐட்டம்வாரியாக ரவுண்டு செய்திருந்தால் இந்த எல்லை கொஞ்சம் விரியும். கடைசியில் முழு எண்ணுக்கு ரவுண்டு செய்யும் வழக்கமுள்ள இடங்களில் அதற்கு இன்வாய்ஸில் தனி இடம் இருக்கும், அதை முதலில் ஒதுக்கிவிட்டுப் பாருங்கள்.

நூல்கண்டு · மார்ச் 8, காலை 10.05

இந்த அளவுகோலை என் பில்லில் போட்டேன். 22 ஐட்டம், எல்லாம் 18% என்று சொல்லித்தான் விற்றார்கள். எல்லை 0.115. ஆனால் என் கணக்கைவிடப் பில் 1.56 குறைவாக இருக்கிறது. குறைவாக இருப்பதால் சத்தமில்லாமல் விட்டுவிடலாமா?

பழைய லெட்ஜர் · மார்ச் 8, காலை 11.20

விடக் கூடாது. உங்கள் நிறுவனம் கட்டிய வரியைக் கணக்கில் திரும்ப எடுக்கிறது என்றால் பில் தப்பாக இருப்பது உங்களுக்கும் தலைவலி.

1.56 சில்லறையாகச் சிதறிய மாதிரி இல்லை. ஒரே ஐட்டத்தில் விகிதம் மாறியிருக்கும் என்று தோன்றுகிறது. 18-க்குப் பதில் 5 போட்டிருந்தால் வித்தியாசம் 13%. 1.56-ஐ 0.13-ஆல் வகுத்தால் 12. பில்லில் 12.00 மதிப்புள்ள ஐட்டம் ஏதாவது இருக்கிறதா?

நூல்கண்டு · மார்ச் 8, காலை 11.41

இருக்கிறது! பதிவேடு ஒன்று, 12.00. வரி 0.60 என்று போட்டிருக்கிறது. நான் கடைசி மொத்தத்தை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தேன்.

பில்லிங்பித்தன் · மார்ச் 8, மதியம் 12.15

யாரோ அதைப் "புத்தகம்" என்ற வகையில் ஏற்றியிருப்பார்கள். பல நாடுகளில் அச்சுப் புத்தகத்துக்குக் குறைந்த விகிதம் உண்டு. மென்பொருள் விகிதத்தைப் பொருளின் வகையிலிருந்துதான் எடுக்கும், விற்பவர் வாயால் என்ன சொன்னார் என்பது அதற்குத் தெரியாது.

பழைய லெட்ஜர் · மார்ச் 8, மதியம் 12.40

உள்ளே படிக்க ஏதாவது அச்சடித்திருக்கிறதா, கோடு மட்டும்தானா?

நூல்கண்டு · மார்ச் 8, மதியம் 12.44

கோடு மட்டும்தான். முதல் பக்கத்தில் "பெயர், துறை, தேதி" என்று இருக்கிறது.

சும்மா எட்டிப்பார்த்தேன் · மார்ச் 8, மதியம் 12.46

மூன்று சொல் இருக்கிறதே. புதுக்கவிதை.

பழைய லெட்ஜர் · மார்ச் 8, மதியம் 1.10

கோடு போட்ட வெற்று ஏட்டைப் பல இடங்களில் புத்தகமாகச் சேர்ப்பதில்லை, எழுதுபொருள் கணக்கில் 18-க்குத்தான் போகும். உங்கள் ஊர் விகிதப் பட்டியலில் எந்தத் தலைப்பில் வருகிறது என்று விற்றவரையே பார்த்துச் சொல்லச் சொல்லுங்கள். தப்பு என்றால் அந்த ஒரு ஐட்டத்துக்குத் திருத்திய இன்வாய்ஸ் கேளுங்கள். 1.56-ஐ மட்டும் தனியாக அனுப்பிவிடாதீர்கள், எந்தப் பில்லிலும் ஒட்டாமல் கணக்கில் தொங்கும்.